திருக்கோயில் திருமண மண்டபமும் புரோகிதரும் வேண்டி அலுவலகத்துக்கு எழுதும் கடிதம்: வரைவைப் பார்த்துச் சொல்லுங்கள்

கொள்ளிடக்கரை | 2025 ஏப்ரல் 6

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் திருமணத்தை மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக ஊரின் சிவன் கோயிலுக்குச் சொந்தமான மண்டபத்தில் நடத்துவதென்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருக்கிறது. செயல் அலுவலர் வேறு சில கோயில்களையும் சேர்த்துக் கவனிப்பதால் வாரத்தில் இரண்டு நாள்தான் இங்கே வருகிறார். தொலைபேசியில் கேட்டபோது, "எழுத்து மூலமாகக் கொடுங்கள், பார்க்கலாம்" என்று எழுத்தர் சொல்லிவிட்டார். நான் பெங்களூரில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் ஊரில் இருக்கிறார்கள். நான் எழுதிய கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"எங்கள் குலதெய்வமாகிய ஈசனின் திருவருளால் என் தங்கைக்கு வரும் ஆவணி மாதம் 19-ஆம் நாள், 4.9.2025 வியாழக்கிழமை அன்று திருமணம் நடத்தப் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டுள்ளது. அன்றைய தினம் தங்கள் மண்டபத்தையும், திருமணத்தை நடத்தி வைக்க ஒரு குருக்களையும், தேவையான இதர வசதிகளையும் ஏற்பாடு செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தேதி இல்லாவிட்டால் 7.9.2025 ஞாயிற்றுக்கிழமை தரவும்."

சோதிடர் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் காலை 7.30 மணி முதல் 8.45 மணிக்குள், கன்னி லக்னம். இந்தக் கடிதம் போதுமா, வேறு எதையாவது சேர்க்க வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

திண்ணைவாசி | 2025 ஏப்ரல் 6

தம்பி, கடிதமெல்லாம் எதற்கு? நேரே போய்க் குருக்களைப் பாருங்கள். கையில் ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தேதியைச் சொன்னால் மண்டபத்தையும் அவரே பேசி முடித்துக் கொடுப்பார். எங்கள் வீட்டில் மூன்று திருமணம் இப்படித்தான் நடந்தது. கோயில் மண்டபம் என்பதால் ஜிஎஸ்டியும் கிடையாது. தனியார் மண்டபத்துக்கு 18 விழுக்காடு அழுவதை விட இது எவ்வளவோ மேல்.

---

மேசைக்கணக்கு | 2025 ஏப்ரல் 6

வணக்கம். நான் இருபத்தாறு ஆண்டுகள் திருக்கோயில் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மண்டபப் பதிவேடு பல ஆண்டுகள் என் மேசையில்தான் இருந்தது. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தே சொல்கிறேன்.

திண்ணைவாசி ஐயா சொல்வது முன்பு நடந்ததுதான். ஆனால் குருக்கள் பூசைக்கு உரியவர். மண்டபத்தை வாடகைக்குக் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. ரசீது போட்டுப் பதிவேட்டில் ஏறிய பிறகுதான் மண்டபம் உங்களுடையது. வாய்ச்சொல்லை நம்பிப் பத்திரிகை அச்சடித்துவிட்டு, பிறகு வேறு ஒருவர் பெயரில் ரசீது இருப்பதைக் கண்டு என் மேசைக்கு முன்னால் நின்றவர்கள் உண்டு.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். மரியாதையில் குறையில்லை; ஆனால் பதிவேட்டில் எழுத வேண்டிய எதுவும் இதில் இல்லை. முதற்குறை, "4.9.2025 அன்று மண்டபம்" என்று இருப்பது. மண்டபத்தைப் பொதுவாக 24 மணி நேரக் கணக்கில் விடுகிறார்கள். அந்தக் கணக்கு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். முகூர்த்தம் காலை 7.30-க்கு என்றால் முதல் நாள் பிற்பகலே உங்களுக்கு உள்ளே வேலை இருக்கிறது. வாழைமரம் கட்ட வேண்டும், அடுப்பு இறக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் வந்து தங்க வேண்டும். நீங்கள் 4-ஆம் தேதி என்று மட்டும் எழுதி, 3-ஆம் தேதி இரவு வேறு ஒருவர் வரவேற்புக்குக் கேட்டால், இரண்டையும் பதிந்துவிடுவதில் எழுத்தரின் பிழை எதுவும் இல்லை. ஆகவே "3.9.2025 புதன்கிழமை பிற்பகல் 3 மணி முதல் 4.9.2025 வியாழக்கிழமை பிற்பகல் இத்தனை மணி வரை" என்று தேதி, கிழமை, மணி மூன்றையும் எழுதுங்கள்.

இரண்டாவது, மண்டபமும் குருக்களும் ஒரே வாக்கியத்தில் இருக்கக் கூடாது. மண்டபத்துக்கு அலுவலகத்தில் உத்தரவாகி ரசீது போடப்படும். குருக்கள் விஷயம் வேறு வழியில் போகும். ஒன்றாக எழுதினால், ஒன்று நிற்கும் வரை மற்றதும் நிற்கும்.

அதற்கு முன் சில கேள்விகள். எத்தனை பேர் வருவார்கள்? பந்தி எத்தனை பேருக்கு உட்காரும்? தாலி கட்டுவது மண்டபத்திலா, சுவாமி சந்நிதியிலா? கடிதத்தில் கையெழுத்துப் போடுவது யார்?

---

பொன்வண்டு | 2025 ஏப்ரல் 7

கோயிலில் திருமணம் செய்வதற்கு என்னென்ன சான்று வேண்டும் என்றுதானே கேட்கிறீர்கள்? எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் திருமணம் சந்நிதிக்கு முன்னால் நடந்தது. இருவருடைய வயதுச் சான்று, ஆதார், புகைப்படம், பத்திரிகை எல்லாம் கொண்டு போயிருந்தோம். கடைசியில் இது இருவருக்கும் முதல் திருமணம் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். என் கணவர் ஹைதராபாத்தில் வளர்ந்தவர். அங்கே அப்படி ஒரு தாள் யார் கொடுப்பார்கள் என்று தெரியாமல் பதினொரு நாள் அலைந்தோம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை 5 மணிக்குத்தான் ரசீது கையில் வந்தது. அதுவரை என் மாமியார் ஒரு வாய் காப்பி கூடக் குடிக்கவில்லை.

---

மேசைக்கணக்கு | 2025 ஏப்ரல் 7

பொன்வண்டு அம்மா, தம்பி கேட்டது மண்டபத்தைப் பற்றி. நீங்கள் சொல்வது சந்நிதியில் நடக்கும் திருமணத்துக்கான சான்றுகள். ஆனாலும் உங்கள் பதிவு இங்கே தேவைதான். மண்டபத்தை மட்டும் கேட்டால் பல அலுவலகங்கள் விண்ணப்பதாரரின் அடையாளச் சான்றோடு விட்டுவிடும். கோயிலுக்குள் தாலி கட்டுவதென்றால் மணமக்கள் இருவரின் வயதுச் சான்றும், அதாவது ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைந்ததற்கான சான்றும், முதல் திருமணச் சான்றும் கேட்பார்கள். மாப்பிள்ளை வெளியூர் என்றால் அந்தத் தாளைத்தான் முதலில் தேட வேண்டும்.

---

கொள்ளிடக்கரை | 2025 ஏப்ரல் 7

ஐயா, விரிவாக எழுதியதற்கு நன்றி. கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

முதல் நாள் இரவு உணவுக்கு ஏறத்தாழ 250 பேர், காலைச் சிற்றுண்டிக்கு 300, மதிய விருந்துக்கு 500. அப்பா போய்ப் பார்த்து வந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு 120 பேர் உட்காரலாம் என்கிறார். மண்டபத்தைப் பிற்பகல் 3 மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று சுவரில் பலகையே இருக்கிறதாம்.

தாலி கட்டும் இடம்தான் இன்னும் முடிவாகவில்லை. பாட்டி சந்நிதியில்தான் கட்ட வேண்டும் என்கிறார். மாப்பிள்ளை வீட்டார் கும்பகோணம் பக்கம். மண்டபத்தில் அக்கினி வளர்த்து, அவர்கள் வீட்டுச் சாஸ்திரிகளை வைத்துச் செய்ய வேண்டும் என்கிறார்கள். அப்படியென்றால் கோயிலில் குருக்களைக் கேட்பதே வேண்டாமா?

---

வேட்டிமடிப்பு | 2025 ஏப்ரல் 7

என் அப்பா குருக்கள். நானும் சில ஆண்டுகள் அவருக்கு உதவியாகத் திருமணங்களுக்குப் போயிருக்கிறேன். இங்கே பலரும் ஒன்றாக நினைப்பது இரண்டு வேலைகளை. கோயிலில் பூசை செய்யும் குருக்களுக்குக் காலசந்தி, உச்சிக்காலம் என்று நேரம் கட்டுப்பட்டது. அவர் வெளியே திருமணம் நடத்த வந்தால், அன்றைய பூசைக்கு மாற்று ஆள் வேண்டும். அதனால்தான் அலுவலகத்தில் உடனே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சந்நிதியில் தாலி கட்டுவதென்றால் அங்கே அந்தக் கோயிலின் குருக்கள்தான் நிற்க வேண்டும். வெளிச் சாஸ்திரிகள் அங்கே மந்திரம் சொல்ல அனுமதி கிடைப்பது கடினம். ஓமமும் அங்கே நடக்காது. மாங்கல்யத்தைச் சுவாமி பாதத்தில் வைத்து எடுத்துக் கொடுப்பார், மாலை மாற்றுவார்கள், தாலி கட்டுவார்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். இதில் யாரும் யோசிக்காதது திரை. காலசந்தி அபிஷேகம் நடக்கும்போது சந்நிதியில் திரை போட்டிருப்பார்கள். உங்கள் முகூர்த்தம் 7.30 முதல் 8.45. உங்கள் ஊரில் காலசந்தி எட்டு மணிக்கு என்றால், பெண்ணும் மாப்பிள்ளையும் எட்டு மணிக்கு வந்து நின்று திரையைத்தான் கும்பிட வேண்டியிருக்கும். பூசை நேரத்தைக் கேட்டு, அதற்கு முன்போ பின்போ என்று கடிதத்தில் எழுதுங்கள்.

வியாழக்கிழமை 6 மணி முதல் 7.30 மணி வரை எமகண்டம் என்பதால்தான் உங்கள் சோதிடர் 7.30-இல் தொடங்கியிருக்கிறார். அதனால் "கொஞ்சம் முன்னதாகவே கட்டிவிடலாம்" என்ற பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்க மாட்டார்கள்.

---

திண்ணைவாசி | 2025 ஏப்ரல் 7

இவ்வளவு சிக்கல் எதற்கு? சட்டப்படி புரோகிதரே தேவையில்லை. தமிழ்நாட்டில் 1967-லேயே திருத்தம் கொண்டுவந்து சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். மண்டபத்தை மட்டும் எடுங்கள், பெரியவர்கள் தாலி எடுத்துக் கொடுக்கட்டும். கோயில் ரசீது இருக்கிறதல்லவா, அதுவே திருமணச் சான்று.

---

மேசைக்கணக்கு | 2025 ஏப்ரல் 8

முதற்பாதி சரி. இந்து திருமணச் சட்டத்தின் 7-அ பிரிவு அதைத்தான் சொல்கிறது. உற்றார் உறவினர் முன்னிலையில் மாலை மாற்றினாலும், மோதிரம் மாற்றினாலும், தாலி கட்டினாலும் செல்லும். ஆனால் இரண்டு வீட்டாரும் புரோகிதர் வேண்டும் என்று இருக்கும் இடத்தில் அந்தச் சட்டம் யாருடைய சண்டையையும் தீர்க்காது. இரண்டாம் பாதி தவறு. கோயில் ரசீது சான்றாக இணைக்க உதவும். அதுவே பதிவு ஆகாது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணம் நடந்து 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அப்போது ரசீதில் மணமக்கள் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருந்தால் அலைச்சல் குறையும். எனவே கடிதத்தில் பெயரை எழுதும்போது வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம்.

ஜிஎஸ்டி விஷயத்திலும் ஐயா சொன்னது பாதிதான் சரி. சமய நிறுவனத்தின் மண்டபத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் ஒரு நாளைய வாடகை 10,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால்தான். தம்பி, உங்கள் மண்டபத்தின் வாடகை எவ்வளவு?

இனி நேரத்தைப் பார்ப்போம். மதிய விருந்துக்கு 500 பேர், பந்திக்கு 120 என்றால் நான்கு பந்தியில் 480 பேர். மிச்சம் இருபது பேருக்காக ஐந்தாவது பந்தி. இலை போட்டு, பரிமாறி, எழுந்து, மேசை துடைத்து அடுத்த இலை போட ஒரு பந்திக்கு 40 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 3 மணி 20 நிமிடம். 11.30-க்கு முதல் பந்தி என்றால் கடைசிப் பந்தி எழும்போது 2.50. அதற்குப் பிறகு வீட்டார் சாப்பிட வேண்டும், சமையல்காரர் பாத்திரத்தை எண்ணி ஒப்படைக்க வேண்டும், அலங்காரத்தைப் பிரிக்க வேண்டும். 3 மணிக்குக் காவலாளி சாவியோடு வந்து நிற்பார். அதற்கு அப்பால் ஒவ்வொரு மணிக்கும் கூடுதல் கட்டணத்தை முன்வைப்புத் தொகையில் கழிப்பார்கள். ஆகவே இப்போதே 5 மணி வரை நீட்டிப்புக் கேளுங்கள், அல்லது முதல் பந்தியை 10.45-க்குத் தொடங்குங்கள். முகூர்த்தம் 8.45-இல் முடிவதால் பின்னது உங்களால் முடியும். காலைச் சிற்றுண்டியை 9.30-க்குள் முடிக்கச் சமையல்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

---

வேட்டிமடிப்பு | 2025 ஏப்ரல் 8

யாரும் சொல்லவில்லையே என்று சொல்கிறேன். மாற்றுத் தேதியாக 7.9.2025 கொடுத்திருக்கிறீர்கள். அன்று பௌர்ணமி, இரவில் முழுச் சந்திர கிரகணம். இரவு 9.57-க்குப் பிடித்து 1.26-க்கு விடுகிறது, நம் ஊரில் முழுவதும் தெரியும். பெரும்பாலான கோயில்களில் அன்று மாலையே நடை சாத்திவிடுவார்கள். காலையில் திருமணம் முடிந்துவிடுமே என்று வாதாடலாம். ஆனால் கிரகண நாளில் முகூர்த்தம் வைக்க மாப்பிள்ளை வீட்டாரின் சாஸ்திரிகள் சம்மதிக்கவே மாட்டார். மறுநாளிலிருந்து மகாளய பட்சம். அதற்குள் பலரும் சுபகாரியம் வைக்க மாட்டார்கள். ஞாயிறு என்பதற்காக மட்டும் அந்தத் தேதியை எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

---

கொள்ளிடக்கரை | 2025 ஏப்ரல் 9

உண்மைதான், ஞாயிறு என்றால் அலுவலகத்தில் விடுப்பு வேண்டாம் என்று நானே போட்டது. இன்று சோதிடரிடம் கேட்டோம். முன்னதாக 29.8.2025 வெள்ளிக்கிழமை, ஆவணி 13-ஆம் நாளைக் கொடுத்திருக்கிறார். விநாயகர் சதுர்த்தி 27-ஆம் தேதி என்பதால் பூவும் வாழை இலையும் விலை ஏறியிருக்குமே என்று அம்மா கவலைப்படுகிறார். ஆனாலும் இரண்டாவது தேதியாக அதையே எழுதப்போகிறேன்.

மண்டப வாடகை நாளொன்றுக்கு 9,000 ரூபாய். துப்புரவுக்கு 1,500 தனி, மின்சாரம் அளவியின்படி. இதற்கு வரி உண்டா, இல்லையா?

தாலி கட்டுவதில் ஒரு வழி கண்டிருக்கிறோம். மாங்கல்யத்தைக் காலையிலேயே சந்நிதியில் வைத்து அர்ச்சனை செய்து எடுத்து வந்து, மண்டபத்தில் தாலி கட்டுவது. பாட்டி முழு மனதோடு இல்லை. "சரி, உங்கள் இஷ்டம்" என்றார். அந்தச் "சரி"யின் பொருள் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

---

மேசைக்கணக்கு | 2025 ஏப்ரல் 9

வாடகை 9,000 என்றால் வரம்புக்குள் இருக்கிறது. துப்புரவுக் கட்டணத்தைச் சேர்த்தால் 10,500 ஆகிறது. அதை வாடகையோடு சேர்த்துப் பார்ப்பதா, தனியாகப் பார்ப்பதா என்பதில் நான் இருந்த காலத்திலேயே இரண்டு தணிக்கையாளர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். 3-ஆம் தேதியும் 4-ஆம் தேதியும் தொடுவதால் ஒரு நாளா, இரண்டு நாளா என்ற கேள்வியும் இருக்கிறது. "வரி உட்பட மொத்தத் தொகை எவ்வளவு என்று தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பதிலை அவர்கள் எழுதட்டும்.

கையெழுத்து உங்கள் அப்பாவுடையதாக இருக்கட்டும். முன்வைப்புத் தொகை ரசீதில் உள்ள பெயருக்குத்தான் திரும்பும். நீங்கள் பெங்களூரில் இருந்துகொண்டு அதற்காக ஒரு முறை வர வேண்டாம்.

---

வேட்டிமடிப்பு | 2025 ஏப்ரல் 9

மாங்கல்ய அர்ச்சனைக்குக் குருக்களைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அர்ச்சனைச் சீட்டு வாங்கினால் போதும், நேரத்தை மட்டும் முதல் நாளே சொல்லிவையுங்கள். ஆனால் வெளிச் சாஸ்திரிகளை மண்டபத்தில் அனுமதிப்பார்களா என்பதை எழுதிக் கேளுங்கள். சில இடங்களில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சில இடங்களில் அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்தான் செய்ய வேண்டும் என்பார்கள். ஓமம் வளர்க்கப்போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். தரையில் புதிதாக ஓடு பதித்த மண்டபங்களில், செங்கல் அடுக்கி மணல் பரப்பி அதன்மேல் குண்டம் வைக்காவிட்டால் ஓடு வெடிக்கும். அந்தச் செலவும் உங்கள் முன்வைப்பில் போகும். சம்பாவனை எவ்வளவு என்று கடிதத்தில் கேட்காதீர்கள். அது நேரில் பேசுவது.

---

கொள்ளிடக்கரை | 2025 ஏப்ரல் 11

எல்லோரும் சொன்னதை வைத்துத் திருப்பி எழுதியிருக்கிறேன். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு இடுகிறேன்.

> அனுப்புநர்: (மணமகளின் தந்தை பெயர், முகவரி, கைப்பேசி எண்)
>
> பெறுநர்: செயல் அலுவலர் அவர்கள், அருள்மிகு ......... திருக்கோயில்.
>
> பொருள்: திருக்கோயில் திருமண மண்டபம் 3.9.2025 மற்றும் 4.9.2025 ஆகிய நாட்களுக்கு ஒதுக்கக் கோருதல், மண்டபத்தில் திருமணச் சடங்கு நடத்த அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். என் மகள் (ஆதாரில் உள்ளபடி பெயர்) என்பவருக்கும், கும்பகோணத்தைச் சேர்ந்த (பெயர்) என்பவருக்கும் 4.9.2025 வியாழக்கிழமை காலை 7.30 மணி முதல் 8.45 மணிக்குள் திருமணம் நடத்த நிச்சயித்துள்ளோம். இதற்காகத் திருக்கோயில் மண்டபத்தை 3.9.2025 புதன்கிழமை பிற்பகல் 3 மணி முதல் 4.9.2025 வியாழக்கிழமை பிற்பகல் 3 மணி வரை என் பெயரில் ஒதுக்கித் தருமாறும், அன்று வேறு பதிவு இல்லையெனில் உரிய கூடுதல் கட்டணத்தின் பேரில் மாலை 5 மணி வரை நீட்டித்துத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். மேற்கண்ட நாட்களில் மண்டபம் இல்லையெனில் 28.8.2025 வியாழக்கிழமை பிற்பகல் 3 மணி முதல் 29.8.2025 வெள்ளிக்கிழமை பிற்பகல் வரை ஒதுக்க வேண்டுகிறேன்.
>
> முதல் நாள் இரவு 250 பேரும், மறுநாள் காலை 300 பேரும், மதியம் 500 பேரும் உணவருந்துவர். சைவ உணவு மட்டுமே சமைக்கப்படும். சமையற்கூடம், சாப்பாட்டுக் கூடம், மணமக்கள் அறைகள் இரண்டு, பாத்திரங்கள், மின்னாக்கி ஆகியவை வாடகையில் அடங்குமா என்பதையும், வரி, துப்புரவு உட்பட மொத்தத் தொகையையும், முன்வைப்புத் தொகையையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> திருமணச் சடங்கை மணமகன் வீட்டாரின் புரோகிதர் மண்டபத்தில் ஓமம் வளர்த்து நடத்த விரும்புகின்றனர். இதற்கு அனுமதி அளிக்க வேண்டுகிறேன். விதிகளின்படி திருக்கோயிலைச் சார்ந்தவரே நடத்த வேண்டுமெனில், அவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியைத் தெரிவிக்க வேண்டுகிறேன். அன்று காலை மாங்கல்ய அர்ச்சனைக்காகச் சந்நிதிக்கு வர இருப்பதால், காலசந்தி பூசை நேரத்தையும் அறிய விரும்புகிறேன்.
>
> இணைப்பு: என் ஆதார் நகல், மணமக்களின் ஆதார் நகல், மணமக்களின் வயதுச் சான்று நகல்.
>
> இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள,

---

மேசைக்கணக்கு | 2025 ஏப்ரல் 11

இதைப் படித்தவுடன் பதிவேட்டைத் திறக்கலாம். இரண்டே திருத்தம். "மாலை 5 மணி வரை" என்ற நீட்டிப்பு மாற்றுத் தேதிக்கும் பொருந்தும் என்று எழுதுங்கள். இப்போது அந்த வாக்கியம் 'பிற்பகல் வரை' என்று மொட்டையாக நிற்கிறது. இன்னொன்று, இரண்டு படிகள் எடுத்துப் போய், ஒன்றில் உள்வரவு எண்ணும் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நாளுக்கு இருவர் கேட்டால் யார் முந்தியது என்பதை அந்த எண்தான் சொல்லும். சில கோயில்களின் மண்டபங்களை hrce.tn.gov.in தளத்திலேயே பதியலாம். உங்கள் கோயில் அதில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அப்பாவை அனுப்புங்கள்.

---

பொன்வண்டு | 2025 ஏப்ரல் 11

சாவி வாங்கும்போதும் கொடுக்கும்போதும் மின் அளவியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அண்ணன் திருமணத்தில் முந்திய வீட்டாரின் கணக்கும் எங்கள் தலையில் விழுந்தது. படம் இருந்ததால் தப்பித்தோம்.

---

கொள்ளிடக்கரை | 2025 ஏப்ரல் 24

தாமதத்துக்கு மன்னிக்கவும். எங்கள் மண்டபம் அந்தத் தளத்தில் இல்லை. அப்பா 15-ஆம் தேதி கடிதத்தைக் கொடுத்து முத்திரை வாங்கினார். அவருக்கு முன்னால் இருந்தவர் அதே 4-ஆம் தேதியைத்தான் வாயால் கேட்டுக்கொண்டிருந்தாராம். அவரிடம் தாள் எதுவும் இல்லை. நேற்று உத்தரவு வந்தது. 3-ஆம் தேதி பிற்பகல் 3 மணி முதல் மறுநாள் 4 மணி வரை மண்டபம் எங்களுக்கு. 5 மணிக்கு வேறு வீட்டார் உள்ளே வருவதால் அதற்கு மேல் இல்லை. எனவே முதல் பந்தி 10.45-க்கு என்று சமையல்காரரிடம் சொல்லியாயிற்று. வரியைப் பற்றி "விதிகளின்படி" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். காலசந்தி 8 மணிக்காம். மாங்கல்யத்தை 6 மணிக்கு முன்பே கொண்டு போய்விடுவோம்.

வெளிச் சாஸ்திரிகளைப் பற்றி உத்தரவில் ஒரு சொல்லும் இல்லை. எழுத்தரைக் கேட்டால், "பேசிக்கொள்ளலாம்" என்கிறார்.

---

மேசைக்கணக்கு | 2025 ஏப்ரல் 24

அந்த ஒரு பத்தியை மட்டும் தனிக் கடிதமாக எழுதி, மண்டப ரசீது எண்ணைப் பார்வையில் காட்டி, செயல் அலுவலர் வரும் நாளில் நேரில் கொடுக்கச் சொல்லுங்கள்.

---

கொள்ளிடக்கரை | 2025 ஏப்ரல் 24

சரி ஐயா. அவர் அடுத்து வருவது புதன்கிழமை. அப்பாவோடு பாட்டியும் போவதாகச் சொல்கிறார். சந்நிதியில் கட்டலாமா என்று தானே ஒரு முறை கேட்டுப் பார்க்கிறாராம்.